குழந்தை தூங்கும்போது வீட்டில் இருப்பது வேலை நேரமா?

கேள்வி: ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓ பேர் விசாவில் ஜெர்மனிக்குப் போகப் போகிறேன். ஒப்பந்தத்தில் வாரம் 30 மணி நேரம் என்று இருக்கிறது. ஆனால் "மாலையில் குழந்தைகள் தூங்கிய பிறகு நீ வீட்டில் இருந்தால் போதும், அது வேலை இல்லை" என்று அந்தக் குடும்பம் சொல்கிறது. உண்மையா?

பதில்: இல்லை. பெற்றோர் வெளியே போய், குழந்தைகளின் பொறுப்பு உங்களிடம் இருந்தால் அது வேலை நேரம்தான். குழந்தை தூங்கினாலும், நீங்கள் சோபாவில் உட்கார்ந்து படித்தாலும் அப்படித்தான். ஜெர்மனியின் ஓ பேர் விதிகளில் பேபிசிட்டிங்கும் அந்த 30 மணிக்குள் அடக்கம். அதோடு இன்னொரு வரம்பும் உண்டு: ஒரு நாளைக்குப் பொதுவாக 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பலரும் வாரக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கவனிப்பதில்லை. நானும் அப்படித்தான் விட்டேன்.

என் ஒப்பந்தத்தில் "வாரம் 30 மணி, தேவைக்கேற்ப" என்று ஒரே ஒரு வரி இருந்தது. தினமும் காலை 6:45 முதல் 8:15 வரை இரண்டு குழந்தைகளையும் கிளப்பிப் பள்ளியில் விட வேண்டும். மதியம் 3 மணி முதல் 7 மணி வரை மறுபடியும் அவர்களோடு. ஒரு நாளைக்கு ஐந்தரை, ஐந்து நாளைக்கு இருபத்தேழரை மணி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் பெற்றோர் இரவில் வெளியே போவார்கள், ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் முப்பத்து மூன்றரை. அந்த இரண்டு நாளும் எட்டரை மணி நேரம்.

இரண்டு மாதம் கழித்துத்தான் ஒரு நோட்டில் தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுத ஆரம்பித்தேன். நான்கு வாரக் கணக்கை மேசையில் வைத்துப் பேசியபோது அந்த அம்மாவுக்கே ஆச்சரியம். எங்களுக்குள் முடிவானது இது: செவ்வாய், வெள்ளி காலையில் அப்பா குழந்தைகளைக் கொண்டுபோய் விடுவார், அந்த நாட்களில் நான் 4 மணிக்குத்தான் வேலை தொடங்குவேன். அப்போது இரவில் மூன்று மணி நேரம் சேர்ந்தாலும் நாளுக்கு ஆறுதான். வாரத்துக்கு இருபத்தெட்டரை.

அவர்கள் முதலில் சொன்ன யோசனை, கூடுதல் மணிகளுக்குப் பணம் தருகிறோம் என்பது. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மாதம் தரும் 280 யூரோ சம்பளம் இல்லை, கைச்செலவுப் பணம். இந்த அனுமதியே மொழியும் வாழ்க்கை முறையும் கற்றுக்கொள்ள வருபவருக்கானது. அதனால் எப்போதாவது நேரம் கூடிவிட்டால் அதை ஓய்வு நேரமாகத்தான் திருப்பித் தர வேண்டும். ஓய்வுக்கும் கணக்கு இருக்கிறது: வாரத்தில் ஒன்றரை நாள், நான்கு மாலைகள், மாதத்தில் ஒரு ஞாயிறாவது.

மொழி வகுப்பு நேரத்தை வேலை நேரத்தோடு மோத விடாதீர்கள். வகுப்புக் கட்டணத்துக்குக் குடும்பம் மாதம் 70 யூரோ தர வேண்டும். ஆனால் வகுப்பு மாலை 6 மணிக்கு இருக்க, வேலை 7 மணிக்கு முடிந்தால் அந்தப் பணத்தால் என்ன பயன்?

கையெழுத்துப் போடுமுன் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வார அட்டவணை கேளுங்கள், மணி குறிப்பிட்டு. "தேவைக்கேற்ப" என்ற சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள். பள்ளி விடுமுறையில் குழந்தைகளை யார் பார்ப்பார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பெற்றோரில் யார் லீவு போடுவார்கள்? "நீதான் இருக்கிறாயே" என்று பதில் வந்தால், அந்த வாரங்களில் நாளுக்கு ஆறு மணி நேர வரம்பு நிற்காது. தாத்தா பாட்டியைக் கவனித்துக்கொள்வது, நோயாளிப் பராமரிப்பு எல்லாம் ஓ பேர் வேலையே இல்லை. குழந்தைகளும் இலேசான வீட்டு வேலையும் மட்டும்தான்.

பேசியும் மாறவில்லை என்றால் குடும்பத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு வாரம். ஆனால் அவசரப்பட்டுப் பெட்டியோடு புது வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெரிவித்து, புதுக் குடும்பத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். மாறினாலும் மொத்தம் ஒரு வருடம்தான், முதல் வீட்டில் கழிந்த மாதங்கள் திரும்பி வராது. அதனால் நோட்டை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். நான் இழந்த இரண்டு மாதமும் அங்கேதான் போயின.