வம்பு வழக்காகும் நிலையில் பதிவை அழிக்கலாமா?

கேள்வி: ஃபேஸ்புக்ல ஒருத்தர் என்னைப் பத்தி அசிங்கமா எழுதுறார். நானும் கோபத்துல நாலு வார்த்தை எழுதிட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டு பேசாம இருன்னு வீட்ல சொல்றாங்க. அழிச்சுடலாமா?

இப்போதைக்கு அழிக்காதீர்கள். அவர் எழுதியதை மட்டுமல்ல, நீங்கள் எழுதியதையும்தான். ஊர் கண்ணில் படாமல் மறைத்துவைக்க வழி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

நான் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர். இந்த மாதிரி விவகாரங்களில் வீட்டில் இருப்பவர்கள் நல்ல எண்ணத்தில் செய்கிற முதல் காரியமே வழக்கைக் கெடுத்துவிடுகிறது. என்னிடம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் பெண். ஒரு கல்யாண ஆர்டர் தாமதமாகிவிட்டது. மணப்பெண்ணின் அண்ணன் அந்தப் பெண்ணின் படத்தையும் போன் நம்பரையும் ஃபேஸ்புக்கில் போட்டு, படிப்பவர்கள் தப்பான அர்த்தம் எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு வரி எழுதினார். அன்று ராத்திரியே யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்தப் பெண் தன் பக்கத்தில் பில்லோடு ஒரு விளக்கம் எழுதினார். அதன் கீழேயும் அந்த அண்ணன் வந்து, கடைக்கு வந்து என்ன செய்வேன் பார் என்ற தோரணையில் வரிசையாக மிரட்டினார். ஒரு கட்டத்தில் இவரும் பொறுமை இழந்து, "உன் தங்கச்சி கல்யாணம் எப்படி நடக்குதுன்னு நானும் பாக்குறேன்" என்று எழுதிவிட்டார்.

மறுநாள் காலையில் கணவர், "எதுக்கு வம்பு" என்று மனைவியின் விளக்கப் பதிவை அழித்துவிட்டார். பதிவு போனால் அதன் கீழுள்ள கமெண்டுகளும் சேர்ந்தே போகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மிரட்டல் முழுவதும் அந்தப் பதிவின் கீழேதான் இருந்தது. எதிர்த்தரப்பு மட்டும் இவருடைய அந்த ஒரு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் போய்ப் புகார் கொடுத்துவிட்டது. இப்போது காகிதத்தில் மிரட்டியவர் யார்? இவர்தான்! போதாக்குறைக்கு, "தப்பு செய்ததால்தானே அழித்தார்" என்ற கேள்வி வேறு.

அதனால்தான் உங்கள் கோப வார்த்தையையும் விட்டுவையுங்கள் என்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் இருப்பது தெரிந்தால் அது கோபத்தில் வந்த பேச்சு என்று புரியும். தனியாக நின்றால் அது மிரட்டல். சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீதிமன்றத்தில் காட்டவேண்டி வரும் மின்னணுப் பதிவை, காட்டவிடாமல் செய்யும் நோக்கத்தோடு அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. கோபத்தில் எழுதியதை அழிக்கும் எல்லோர் மீதும் இது பாயாது. ஆனால் புகாரோ வக்கீல் நோட்டீஸோ வந்த பிறகு அழித்தால், நோக்கம் என்ன என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டி வரும்.

சரி, என்ன செய்வது? அவரை பிளாக் செய்வதற்கு முன்னால், ரிப்போர்ட் அடிப்பதற்கும் முன்னால், பதிவு செய்துகொள்ளுங்கள். போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, அவருடைய புரொஃபைலைத் திறந்து, அங்கிருந்து அந்தப் பதிவுக்குப் போய், தேதி தெரியும்படி நிறுத்தி, கமெண்டுகளை மெதுவாகக் கீழே வரை உருட்டுங்கள். வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைவிட இது பல மடங்கு மேல். பெயரும் தேதியும் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை "இது நான் எழுதினதே இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். அப்புறம் பதிவின் நேரத்தைத் தட்டினால் அதற்கான தனி லிங்க் கிடைக்கும். அதையும் புரொஃபைல் லிங்க்கையும் எழுதிவையுங்கள். பெயரையும் படத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். போலீஸ் விவரம் கேட்கும்போது ஃபேஸ்புக் நிறுவனத்துக்குத் தேவைப்படுவது லிங்க்தான்.

வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்த உரையாடலில் `Export chat` கொடுத்து, படங்கள், வாய்ஸ் மெசேஜ்களோடு சேர்த்து உங்கள் மெயிலுக்கு அனுப்புங்கள். பிளாக் செய்யும்போதும் ரிப்போர்ட் செய்யும்போதும் உரையாடலையும் சேர்த்து அழிக்கும் வாய்ப்பு திரையில் வரலாம், கவனிக்காமல் தட்டிவிடாதீர்கள். மெசேஜ்கள் தானாக மறையும்படி அமைத்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம், இன்னொரு போனால் அப்படியே படம் எடுத்துவிடுங்கள். வக்கீலுக்கு அனுப்ப வாய்ஸ் மெசேஜை ஃபார்வர்ட் செய்தால் மட்டும் போதாது. யார் அனுப்பியது, எப்போது வந்தது என்பது அதில் வராது.

எல்லாம் எடுத்தபின் உங்கள் பதிவை `Only me` என்று மாற்றுங்கள். ஊருக்குத் தெரியாது, கமெண்டுகளும் அப்படியே இருக்கும். ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்றால் இன்றே ஃபேஸ்புக்கின் `Trash` பக்கத்தைப் பாருங்கள். அழித்த பதிவு அங்கே 30 நாள் இருக்கும். நான் சொன்ன பெண் என்னிடம் வரும்போது அந்த நாள் தாண்டிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது அவருடைய மெயில் பெட்டி. கமெண்ட் வந்ததாக ஃபேஸ்புக் அனுப்பிய மெயில்கள் சிலவற்றில் மிரட்டலின் வரிகள் இருந்தன. கடையில் வேலை பார்த்த பெண்ணும் இரண்டு ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தார்.

போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைத் தாக்கல் செய்பவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்பவேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுதவேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண் அது. விண்டோஸ் கணினியில் வீடியோ இருக்கும் ஃபோல்டரில் Command Prompt-ஐத் திறந்து, pathivu.mp4 என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரைப் போட்டு இப்படி எடுக்கலாம்:

```
certutil -hashfile pathivu.mp4 SHA256
```

வீடியோவை எடுத்த அன்றே இதை ஓட்டி, வரும் எண்ணைத் தேதியோடு உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள். பிறகு அந்தக் கோப்பை வெட்டவோ பெயர் எழுதி அலங்கரிக்கவோ வேண்டாம். மூல போனையே உரிமையாளர் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் பழைய சட்டத்தின் கீழ் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. போனை மாற்றாதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புகாரை நேரில் காவல் நிலையத்திலோ `cybercrime.gov.in` தளத்திலோ கொடுக்கலாம். அதன்பிறகு அவருடைய பதிவை ரிப்போர்ட் செய்யுங்கள். புகாரின் பேரில் நிறுவனம் ஒரு பதிவை நீக்கினால், விசாரணைக்காக 180 நாள் அதைப் பாதுகாக்கவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. பயனர் தன் பதிவைத் தானே அழிப்பதைப் பற்றி அந்த விதி பேசவில்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. உங்களுடைய அந்தரங்கப் படம் வெளியே வந்திருந்தால் லிங்க்கையும் கணக்கின் பெயரையும் குறித்துக்கொண்டு உடனே நீக்கச் சொல்லிப் புகார் கொடுங்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். குழந்தைகளின் ஆபாசப் படமாக இருந்தால் சாட்சிக்கு என்றுகூட சேமிக்கவோ, வக்கீலுக்கு அனுப்பவோ கூடாது. அதுவே போக்சோ சட்டத்தில் உங்களைச் சிக்கவைக்கலாம். லிங்க்கை மட்டும் போலீஸிடம் கொடுங்கள்.