கர்தினாலுக்குக் கடிதம்: எப்படி விளித்து, எப்படி முடிப்பது?

"எங்கள் பங்கின் தமிழ்ப் பாடகர் குழுவுக்கு இவ்வாண்டு வெள்ளி விழா. திருப்பலி நிறைவேற்ற பினாங்கு கர்தினாலை அழைக்க வேண்டும். கடிதம் தமிழில்தான். எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது?" - பட்டர்வொர்த் வாசகி

முதலில் உறையைப் பார்ப்போம். செபாஸ்டியன் பிரான்சிஸ் அவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 செப்டம்பர் 30 அன்று கர்தினாலாக உயர்த்தினார். அதனால் பெயர் வரி இப்படி இருக்கட்டும்:

மேதகு கர்தினால் செபாஸ்டியன் பிரான்சிஸ் ஆண்டகை அவர்கள்

அடுத்த வரியில் 'பினாங்கு மறைமாவட்ட ஆயர்' என்ற பொறுப்பு, அதன்கீழ் ஆயர் இல்ல முகவரி. பொறுப்பு வரியை மட்டும் அனுப்பும் நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆயர்கள் 75 வயதில் பணி விலகல் கடிதம் கொடுப்பது திருஅவைச் சட்டம். ஓய்வு பெற்றாலும் கர்தினால் பட்டம் அப்படியே இருக்கும், பொறுப்பு வரிதான் மாறும். புதிதாக வருபவர் கர்தினால் அல்லாத ஆயர் என்றால், அவருக்கு எழுதும்போது 'மேதகு ஆயர்' என்று போட வேண்டும்.

மேதகு போட்ட பிறகு 'திரு' வேண்டாம். 'மாண்புமிகு'வும் வேண்டாம், அது அமைச்சர்களுக்குப் போடுவது. 'அருள்தந்தை' குருக்களுக்கு உரியது. பட்டங்களை அடுக்கினால் மரியாதை கூடிவிடாது. எழுதியவருக்கு முறை தெரியவில்லை என்றுதான் படும்.

உள்ளே விளிக்கும்போது பெயரே வேண்டாம். 'பேரன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய கர்தினால் ஆண்டகை அவர்களே,' என்பது போதும். 'இயேசுவுக்கே புகழ்!' என்று ஒரு வரி. அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள். நாள், நேரம், ஆலயம், அவரிடம் கேட்பது என்ன என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். நாட்குறிப்பைக் கவனிக்கும் செயலர் தேடுவது அதைத்தான். இரண்டு மாற்று நாள்களையும் கொடுங்கள்.

முடிவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'இறையாசியுடன்' என்று கையெழுத்திடுவார்கள். ஆசி வழங்குவது அவர், நாம் கேட்பவர்கள். எனவே:

தங்கள் ஆசியை வேண்டி,
கிறிஸ்துவில் தங்கள் பணிவுள்ள,

இதன்கீழ் கையெழுத்து, பெயர், குழுவில் உங்கள் பொறுப்பு, தொலைபேசி எண். மோதிரத்தை முத்தமிடுவதாக எழுதும் பழைய வழக்கு இன்று தேவையில்லை.

இன்னொன்று, கடிதம் உங்களிடமிருந்து நேராகப் போகக் கூடாது. பங்கில் நடக்கும் விழாவுக்கு ஆயரை அழைப்பது பங்குத்தந்தையின் பொறுப்பு. முகவரிக்கும் விளிக்கும் இடையில் 'வழி: பங்குத்தந்தை' என்று எழுதி, அவருடைய கையொப்பத்தையும் வாங்கி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஆயர் இல்லத்திலிருந்து முதலில் அவருக்குத்தான் அழைப்பு வரும், "ஃபாதர், இது உங்களுக்குத் தெரியுமா?" என்று.