அன்னத்தின் தலையை வெட்டிய கத்தி

அன்புள்ள ஐயா,
நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குக் கடை வைத்திருக்கிறோம். விசிட்டிங் கார்டை நானே வடிவமைத்தேன். பின்னணி முழுவதும் விளக்குகளின் படம். வந்த கார்டுகளில் வலது ஓரம் வெள்ளைக் கோடு, மேலே அன்னத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது, படமும் மங்கல். கோப்பு 89 × 51 மி.மீ. படம் வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து வெட்டியெடுத்தது, 600 பிக்சல் அகலம். அச்சகத்தின் தவறா?
— செ., நாச்சியார்கோயில்

அன்புள்ள செ.,

அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது. பெரிய தாளில் பல கார்டுகளைச் சேர்த்து அச்சிட்டு, தாள்களை அடுக்கி, கத்தி இயந்திரத்தில் ஒரே அழுத்தில் வெட்டுகிறார்கள். அந்த அடுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெட்டுக்கோடு தள்ளிப்போகும். உங்கள் படம் வெட்டுக்கோட்டிலேயே முடிந்துவிட்டது. அதனால் ஒரு பக்கம் அச்சேறாத தாள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கத்தி உள்ளே வந்த பக்கம் அன்னம் பலியானது.

இதற்காகத்தான் ப்ளீட் வைக்கிறோம். நான்கு பக்கமும் 3 மி.மீ. கூட்டினால் கோப்பு 95 × 57 ஆகும். பின்னணியை அந்த எல்லை வரை நீட்டுங்கள். வெட்டி எறியப்படுவதற்கென்றே இருக்கும் பகுதி அது. எழுத்தும் அன்னமும் வெட்டுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. உள்ளே, 81 × 43 கட்டத்துக்குள் நிற்கட்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போட மிகவும் ஆசை வரும், போடாதீர்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து, எதிர்ப்பக்கம் மெலிந்து, கண்ணை உறுத்தும். பார்டர் இல்லாத கார்டில் அதே நகர்வை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மங்கலுக்குக் காரணம் வேறு. அச்சில் படம் தெளிவாக விழ அங்குலத்துக்குச் சுமார் 300 பிக்சல் வேண்டும். 95 மி.மீ. என்பது 3.74 அங்குலம். ஆக 1122 பிக்சல் அகலமாவது தேவை. உங்கள் 600-ஐ அந்த அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 160 பிக்சல்தான் மிஞ்சும். மென்பொருளில் எண்ணிக்கையை 300 என்று மாற்றினாலும் பயனில்லை. இல்லாத விவரத்தை அது ஊகித்து நிரப்பும். விளக்கின் கடைசல் வரிகள் மழுங்கியேதான் இருக்கும்.

இரண்டு வழிகள் உண்டு. அதே படத்தை 50 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கி உள்ளே வைத்து, பின்னணிக்கு ஒரே நிறம் கொடுக்கலாம். அந்த அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் கிடைத்துவிடும். நான் விரும்புவது மற்றொன்று: விளக்குகள் கடையிலேயே இருக்கின்றன, காலை வெளிச்சத்தில் புதிதாகப் படமெடுங்கள். அன்னத்துக்கு மேலே தாராளமாக இடம் விடுங்கள். கணினிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில் பி.டி.எஃப். ஆக்கும்போது `Use Document Bleed Settings` என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் சேர்த்த ப்ளீட் கோப்பில் வராது. அந்தக் கோப்பைத் திறந்து பக்க அளவைப் பாருங்கள். வெட்டுக்குறிகள் சேர்க்காத கோப்பில் அது 95 × 57 காட்ட வேண்டும். 89 × 51 என்று காட்டினால் அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.