பல்லவி இழுத்துட்டுப் போன இடம்

வணக்கம் சார். என் மக தொடக்கநிலை அஞ்சு படிக்கிறா. தமிழ்மொழி மாதத்துல நடந்த பேச்சுப் போட்டியில 'என் சிங்கப்பூர்'னு மூணு நிமிஷம் பேசினா. நாலு பத்தி, ஒவ்வொண்ணும் "இதுதான் நம் சிங்கப்பூர்!"னு முடியும். ரெண்டாவது பத்தி முடிஞ்சதும் நாலாவதுக்குப் போயிட்டா, அப்புறம் நின்னுட்டா. நடுவர் "ஒப்பிக்கிற மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க. வீட்டுல தண்ணி மாதிரி சொன்னாளே, என்ன பண்றது?
– ஒரு அம்மா, செங்காங்

வணக்கம்மா. மனப்பாடம் குறைஞ்சதால இது நடக்கல, அந்தப் பல்லவியாலதான் நடந்திருக்கு. ஒரே வரி நாலு இடத்துல வந்தா, அதைச் சொல்லி முடிச்ச வாய்க்கு அடுத்து எந்தப் பத்தின்னு எப்படித் தெரியும்? வீட்டுல பதற்றம் இல்ல, சரியாப் போயிடும், மேடையில எது முதல்ல நாக்குக்கு வருதோ அதுதான்.

இதுக்கு நம்மகிட்ட பழைய வழி ஒண்ணு இருக்கு, அந்தாதி. முடிஞ்ச சொல்லிலேயே அடுத்ததைத் தொடங்குறது. ரெண்டாவது பத்தி தேக்கா சந்தையைப் பத்தி, மூணாவது அவ பள்ளிக்கூடத்தைப் பத்தின்னு வெச்சுக்குங்க. ரெண்டாவது "ஒரே சந்தையில் கேட்பது நான்கு மொழி"னு முடியட்டும். மூணாவது "நான்கு மொழியும் என் வகுப்பறையிலும் கேட்கும்"னு ஆரம்பிக்கட்டும். நடுவுல இருக்கிற பல்லவியை எடுத்துடுங்க, முதல் பத்தியிலயும் கடைசியிலயும் மட்டும் போதும். நடுவருக்கும் பேச்சு ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வளர்ற மாதிரி கேட்கும். ஆனா எல்லாப் பத்தியிலயும் அந்தாதி வெச்சீங்கன்னா செயற்கையாயிடும், தவறுற இடத்துல மட்டும் போடுங்க.

ஒப்பிக்கிறதுன்னு நடுவர் எதை வெச்சு சொல்றாங்க? நானும் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், மறந்துட்டு ரெண்டு நொடி நிக்கிற பிள்ளையை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன், ஆனா நின்னதும் வாக்கியத்தோட முதல் சொல்லுக்கே திரும்பிப் போனா அது டேப் ஓடுறதுதான். இன்னொண்ணு ராகம். எல்லா வரியும் ஒரே மாதிரி ஏறி, வினைச்சொல் வர்றப்ப மூச்சு தீர்ந்து "...வேண்டும்" காதுலயே விழாது. தமிழ்ல வினை பெரும்பாலும் கடைசியிலதானே வருது, விஷயமே அங்கதான் இருக்கு! "வாழ்ந்து, வளர்ந்து, உயர்ந்து"ன்னு நீளுற வாக்கியத்தை ரெண்டா வெட்டுங்க. அடுக்குமொழி கேட்க நல்லா இருக்கும், ஆனா பதினோரு வயசு மூச்சுக்கு மூணு அடுக்கே ஜாஸ்தி.

நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு இன்னொரு சிக்கல், பல வீட்டுல இங்கிலீஷ், மேடையில செந்தமிழ், அதனால வரி மறந்தா சொந்தமா ஒரு வரி போட்டு ஒப்பேத்த முடியாது. எழுதினதைக் குடுக்கிறதுக்கு முன்னாடி அந்த நாலு விஷயத்தையும் பேச்சுத் தமிழ்ல உங்ககிட்ட கதையாச் சொல்லச் சொல்லுங்க.

பிறகு ஒரு டெஸ்ட். சாப்பிடுறப்ப திடீர்னு "மூணாவது பத்தி சொல்லு"ன்னு கேளுங்க. முதல்லேர்ந்து ஓட்டிப் பார்த்துதான் அங்க வர முடியுதுன்னா இன்னும் டேப்தான், மேடைக்கு ரெடி ஆகல.