ஈரக்கோட்டில் இல்லாத அவத்தை

"பளிங்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் செறிவை மட்டும் அளந்தால் அவத்தை ஏன் தொலைகிறது? தொலைந்தால் என்ன?"

திருகோணமலை உள்துறைமுகச் சுவரில் அலை விட்டுப்போன ஈரக்கோட்டைப் பாருங்கள். அலை எவ்வளவு உயர்ந்தது என்று சொல்லும், முகடு எந்த நொடியில் வந்தது, அதாவது அதன் அவத்தை என்ன, என்று சொல்லாது. எக்ஸ் கதிர் நொடிக்கு ஏறக்குறைய 10¹⁸ தடவை ஆடுவதால் எந்த உணரியாலும் அதைப் பின்தொடர முடியாது, விழும் போட்டான்களை எண்ணலாம், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கை வீச்சத்தின் வர்க்கத்துக்கு விகிதமானது. அதில் அவத்தை இல்லை.

சரி, ஒரே திசையில் மட்டும் நீளும் ஒரு பளிங்கை எடுப்போம். அதிலிருந்து வரும் எக்ஸ் கதிர் உணரியில் பதிக்கும் இரண்டு புள்ளிகள், இரண்டின் செறிவும் 100, அதாவது வீச்சம் 10. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலையைத் தரும்: எலக்ட்ரான் அடர்த்தி என்பது, பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் அலகான கலத்துக்குள் ஒருமுறை ஆடும் அலையையும் இருமுறை ஆடும் அலையையும் கூட்டியது. இரண்டுக்கும் அவத்தை 0° என்றால் முகடுகள் கலத்தின் தொடக்கத்தில் சேர்ந்து ஒரு பெரிய குன்றாகும். இரண்டாவதை மட்டும் 180° ஆக்குங்கள்: தொடக்கத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும், கலநீளத்தின் 0.21இலும் 0.79இலும் இரண்டு குன்றுகள் எழும். ஓர் அணுவா, இரண்டா? அளந்த எண்களோ அதே 100, 100தான்.

1953இல் விஞ்ஞானி மாக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினில் பாதரசத்தை ஏற்றி, செறிவுகள் மாறிய விதத்திலிருந்து அவத்தையைப் பிடிக்கும் வழியைக் காட்டினார். பாதரசம் ஏறியதில் பளிங்கே உருமாறிவிட்டால் அந்த வழி உதவாது.