கல்லால் தேய்த்தால் முக வீக்கம் போகுமா?

"டாக்டர், எனக்கு 34 வயது. காலையில் எழுந்தால் முகமும் கண்ணிமையும் உப்பியிருக்கின்றன. மூன்று மாதமாகக் குவா ஷா கல்லும் ரோலரும் வைத்துத் தேய்க்கிறேன். பத்து மணிக்குள் வடிந்துவிடும், மறுநாள் மறுபடி வரும். கழிவு முழுசாக இறங்கவில்லை, இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டுப்போனது. எனக்கும் அப்படித்தானோ? தோழி சொன்ன நீர் மாத்திரையைப் பாதி போடலாமா?"

வேண்டாம், பாதி மாத்திரைகூட வேண்டாம். பல நீர் மாத்திரைகளால் நீரோடு சேர்ந்து பொட்டாசியமும் வெளியேறும். சில நாள் போட்டு நிறுத்தினால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முகம் முன்பைவிட அதிகமாக உப்பும்.

ராத்திரி படுத்திருக்கும்போது உடம்பு நீர் முகத்துப் பக்கம் பரவுகிறது. இமைத் தோல் மெல்லியது, தளர்வானது. அதனால் அங்கேதான் முதலில் தேங்கும். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தெரியும். எழுந்து நடமாடினால் தானாகவே இறங்கிவிடும். ரோலர் அதைக் கொஞ்சம் சீக்கிரமாக்குகிறது, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் ஒரு வாரம் ஒரு கன்னத்தில் மட்டும் உருட்டிப் பாருங்கள். பத்து மணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தேய்ப்பது பிடித்திருந்தால் தேய்க்கலாம். முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு, நடுமுகத்திலிருந்து காதுப் பக்கம், அங்கிருந்து கழுத்து வழியாகக் கீழே, மெதுவாக. தேங்கிய நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன, அழுத்தத் தேவையே இல்லை. சீன வைத்தியத்தில் இதே குவா ஷாவால் முதுகைச் சிவக்கச் சுரண்டுவார்கள். அதை முகத்தில் செய்தால் கன்றிப்போகும், பரு இருந்தால் கிளறிவிடும். ஃபிரிட்ஜில் வைத்த ஸ்பூனும் இதே வேலையைச் செய்யும். கழிவு இறங்குகிறது என்பது வெறும் பேச்சு. கழிவைப் பிரிப்பது கல்லீரலும் சிறுநீரகமும்தான். கல்லால் கொழுப்பு கரையாது, தாடை எலும்பும் மாறாது.

உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரையால் வந்ததென்றால் உங்கள் வீக்கத்தை அதோடு முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிறுநீரகத்தில் புரதம் ஒழுகினாலும் முதலில் காலையில் கண்ணைச் சுற்றித்தான் வீங்கும். வித்தியாசம் என்னவென்றால், நாளாக நாளாக அது முழுசாக வடியாது, சாயங்காலம் காலிலும் தெரியும். என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவி இரண்டு மாதம் ரோலரை நம்பிக்கொண்டிருந்தாள். சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிவதைப் பார்த்த பிறகுதான் வந்தாள். சோதித்தால் சிறுநீரில் புரதம் 4+, அதாவது மிக அதிகம்.

இன்று சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்துங்கள். குழி அப்படியே நின்றாலோ, சிறுநீரில் நுரை அடங்காமல் தேங்கினாலோ அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றாலும், அம்மாவின் சர்க்கரையை நினைத்து, சிறுநீர் ஆல்புமின், கிரியேட்டினின், ரத்தச் சர்க்கரை, தைராய்டு நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தையும் அன்றே அளந்துகொள்ளுங்கள்.