சுவிச்சை நிறுத்தியும் ஹோல்டரில் கரண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே பிழையைச் சுற்றியே நிற்கின்றன. லைவ் வயரை வெட்டவேண்டிய லைற் சுவிச், நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குசினி லைற் சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் பல்பைக் கழற்றினேன். ஹோல்டரில் விரல் பட்டதும் கரண்ட் அடித்தது. வயறிங் வேலை செய்கிற தம்பி வந்து மீற்றர் வைத்துப் பார்த்து, "நிறுத்தினால் ஹோல்டரில் வோல்ற் இல்லை, அண்ணை" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு அடித்தது பொய்யா? (கோண்டாவில்)

உங்களுக்கு அடித்ததும் உண்மை, அவர் மீற்றரில் கண்டதும் உண்மை. அவர் மீற்றரை வைத்த இடம்தான் பிழை.

சரியான வயறிங்கில் லைவ் முதலில் சுவிச்சுக்கு வரும், அங்கிருந்து ஹோல்டருக்குப் போகும். நியூட்ரல் நேரே ஹோல்டருக்குப் போகும். சுவிச்சை நிறுத்தினால் ஹோல்டருக்கு லைவ் வராது. உங்கள் வீட்டில் இது மாறிக் கிடக்கிறது: லைவ் நேரே ஹோல்டரில், சுவிச் நியூட்ரலில். சுற்று அறுவதால் பல்ப் அணையும், ஆனால் லைவ் ஹோல்டரை விட்டுப் போகாது. மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போது இறைப்புக் குழாயின் நுனியை அடைத்தால் தண்ணீர் வெளியே வராது, குழாய் மட்டும் முட்டி நிற்கும் அல்லவா, அப்படித்தான்.

அந்தத் தம்பி மீற்றரின் இரண்டு முனைகளையும் ஹோல்டரின் இரண்டு பின்களில் வைத்திருப்பார். ஒரு பின்னில் லைவ், மற்றப் பின்னில் சுவிச்சால் அறுபட்டு எங்கும் சேராமல் தொங்கும் வயர். இரண்டுக்கும் இடையில் மீற்றர் பூச்சியம் காட்டலாம், அல்லது நிலையில்லாமல் ஒரு எண்ணைக் காட்டி ஆடலாம். ஆனால் நீங்கள் தொட்டது இரண்டு பின்களுக்கு இடையிலல்ல. ஒரு பின்னுக்கும் நீங்கள் நின்ற சீமெந்துத் தரைக்கும் இடையில்.

ஆகவே ஒவ்வொரு பின்னையும் தனித்தனியே ஏர்த்துடன் ஒப்பிட்டு அளக்கவேண்டும். குசினி பிளக் பொயின்றின் ஏர்த் துளையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் மூலம் ஏர்த்தை ஏணியடிக்குக் கொண்டுவரலாம். முதலில் ஒரு பிளக் பொயின்றின் லைவுக்கும் இந்த ஏர்த்துக்கும் இடையில் அளந்து, 230 வோல்றுக்குக் கிட்ட வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உங்கள் ஏர்த்தே அறுந்திருக்கிறது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிறகு பல்பைக் கழற்றி, சுவிச்சை நிறுத்தி, ஹோல்டரை அளவுங்கள். ஏதாவது ஒரு பின்னுக்கும் ஏர்த்துக்கும் இடையில் 230 அளவில் உறுதியாக நின்றால் லைவ் அங்கே குந்தியிருக்கிறது. சரியான வயறிங்கில் இரண்டு பின்களும் ஏர்த்துக்குப் பூச்சியத்தை ஒட்டியே காட்டும். தொங்கும் வயர் பக்கத்து வயரிலிருந்து சில பத்து வோல்ற்றை வாங்கி டிஜிட்டல் மீற்றரில் காட்டுவதுண்டு. சிறிய சுமை ஒன்றைக் கொடுத்தால் அது விழுந்துவிடும். உண்மையான லைவ் விழாது.

திருத்தும்வரை அந்த வீட்டில் பல்ப் மாற்ற மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். லைற் சுவிச்சை நம்பவேண்டாம்.

கேள்வி: என்னிடம் மீற்றர் இல்லை, ரெஸ்ரர் மட்டும்தான். சுவிச் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நிறுத்தியிருக்கும்போது ஒரு ஸ்க்ரூவில் எரிகிறது, மற்றதில் எரியவில்லை. அப்படியென்றால் சரிதானே? (நல்லூர்)

இல்லை. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சரியான வயறிங்கில், நிறுத்தியபோது லைவ் வரும் ஸ்க்ரூ எரியும், பல்புக்குப் போகும் ஸ்க்ரூ எரியாது. பிழையான வயறிங்கிலும் ஒன்றுதான் எரியும். ஹோல்டரில் நிற்கும் லைவ், பல்புக்குள்ளால் இறங்கி, சுவிச்சின் ஒரு ஸ்க்ரூவில் வந்து நிற்கும். மற்ற ஸ்க்ரூவில் நியூட்ரல். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காட்சி.

சுவிச்சைப் போட்டுவிட்டுப் பாருங்கள். லைற் எரியும்போது சுவிச்சின் இரண்டு ஸ்க்ரூவிலும் ரெஸ்ரர் எரிந்தால் சுவிச் லைவில் இருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் நியூட்ரலில் இருக்கிறது. இன்னொரு வழி, பல்பைக் கழற்றிவிட்டு சுவிச்சை நிறுத்தியபடி பார்ப்பது. லைவ் சுவிச்சானால் ஒரு ஸ்க்ரூ எரிந்துகொண்டே இருக்கும். நியூட்ரல் சுவிச்சானால் இரண்டும் இருண்டுவிடும், ஏனெனில் லைவ் வந்த பாதையைப் பல்போடு எடுத்துவிட்டீர்கள்.

ரெஸ்ரர் எரிவதற்கு உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு மிகச் சிறிய கரண்ட் போகவேண்டும். காய்ந்த மர ஏணியில் ரப்பர் செருப்போடு நின்றால், அல்லது பட்டப்பகலில் வெளிச்சம் விழும் இடத்தில், லைவ் இருந்தும் எரிவது தெரியாமல் போகலாம். அதே ஏணியில் அதே செருப்போடு நின்று, முதலில் லைவ் இருப்பதாகத் தெரிந்த ஒரு இடத்தில் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோதித்து முடிந்ததும் திரும்பவும் பாருங்கள். எரியவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து வயரைக் கையால் பிடிக்கக்கூடாது. திறந்த சுவிச்சில் கை வைத்துப் பழக்கமில்லாதவர் இந்தச் சோதனையை வயறிங் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

கேள்வி: மெயினில் ட்ரிப் சுவிச் போட்டிருக்கிறோம். இப்படி மாறிக் கொடுத்திருந்தால் அது விழுந்திருக்குமே? (பருத்தித்துறை)

விழாது. ட்ரிப் சுவிச் பார்ப்பது ஒன்றே ஒன்று: லைவில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? லைற் சுவிச் எந்த வயரில் இருந்தாலும் போனது அப்படியே திரும்பும், ஆகவே அதற்குப் பிழை தெரியாது. உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குக் கரண்ட் ஒழுகி, வீட்டு ட்ரிப் சுவிச்சில் வழமையாக எழுதியிருக்கும் 30 மில்லி அம்பியர் அளவை எட்டும்போதுதான் அது விழும். அதற்குள் அடி விழுந்திருக்கும்.

ஒரு தடயம் மட்டும் கிடைக்கலாம். கிணற்றடியிலோ மலசலகூடத்திலோ உள்ள லைற் நிறுத்தியிருக்கும்போதும் மழைக்கு ட்ரிப் விழுகிறதென்றால், அணைந்த ஹோல்டரில் லைவ் நின்று ஈரத்தால் ஒழுகலாம். நியூட்ரல் வயர் ஈரத்தில் ஏர்த்தைத் தொட்டாலும் விழும் என்பதால், இதைச் சந்தேகமாக மட்டும் வைத்து, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: எல்.ஈ.டி. பல்ப் போட்ட பிறகு, நிறுத்தினாலும் இரவில் மங்கலாக எரிகிறது. இது நியூட்ரல் சுவிச்தானா? (சாவகச்சேரி)

இருக்கலாம், கட்டாயமில்லை. நியூட்ரல் சுவிச்சானால் லைவ் பல்பில் நிற்கிறது. சுவிச்சுக்குப் போகும் வயர் சுவரோடு, ஈரத்தோடு ஓடுவதால் நூலளவு கரண்ட் தரைக்கு ஒழுகும். எல்.ஈ.டி.க்கு அது போதும், பழைய இழை பல்பில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் சுவிச் சரியாக இருந்து, லைவும் சுவிச் வயரும் ஒரே குழாயில் நெடுந்தூரம் ஒட்டி ஓடினாலும், சுவிச்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தாலும் இப்படியே மினுங்கும். பல்பைத் திருப்பிக் கடையில் கொடுக்குமுன் சுவிச்சைச் சோதியுங்கள்.

கேள்வி: மாடிப்படி லைற்றை மேலும் கீழும் இருந்து போட்டு அணைக்கலாம். சில நேரம் ரெஸ்ரர் ஹோல்டரில் எரிகிறது, சில நேரம் இல்லை. என்ன கூத்து? (சுன்னாகம்)

வயர் மிச்சம் பிடிக்கச் செய்த பழைய முறை ஒன்று இருக்கிறது. இரண்டு சுவிச்சுக்கும் லைவையும் நியூட்ரலையும் கொண்டுபோய், ஒவ்வொரு சுவிச்சும் ஹோல்டரின் ஒரு பின்னுக்கு இரண்டில் ஒன்றைக் கொடுக்கும். இரண்டு பின்னுக்கும் வேறு வேறு போனால் பல்ப் எரியும், ஒரே வகை போனால் அணையும். அணைவதற்கு இரண்டு விதம் உண்டு: இரண்டு பின்னும் நியூட்ரல், அல்லது இரண்டு பின்னும் லைவ். பின்னதில் பல்ப் இருட்டாக இருக்க, ஹோல்டர் முழுவதும் லைவ். இரண்டு பின்களுக்கு இடையில் அளந்தால் இரண்டு நிலையிலும் பூச்சியம்தான்.

கீழ்ச் சுவிச்சால் ஒருமுறை அணைத்துச் சோதித்து, பிறகு இரண்டு சுவிச்சையும் மாற்றிப்போட்டு மற்ற அணைந்த நிலையிலும் சோதியுங்கள். ஒரு நிலையை மட்டும் பார்த்துவிட்டு ஏணியை விட்டு இறங்கவேண்டாம். இதைத் திருத்துவதென்றால் வயறிங்கையே மாற்றவேண்டும்: லைவ் ஒரு சுவிச்சுக்கு மட்டும், இரண்டு சுவிச்சுக்கும் இடையில் இரண்டு வயர், மற்றச் சுவிச்சிலிருந்து பல்புக்கு ஒன்று, நியூட்ரல் நேரே பல்புக்கு.

கேள்வி: ஹோல்டரில் உள்ள இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் சரியாகுமா? (மானிப்பாய்)

ஆகாது. லைவ் ஒரு பின்னிலிருந்து மற்றப் பின்னுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மாற்றவேண்டியது ஜங்ஷன் பெட்டியில். மெயினை நிறுத்தி, லைவ் இல்லை என்று சோதித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், சுவிச்சுக்குப் போகும் வயர் நியூட்ரல் கூட்டத்தோடும், ஹோல்டருக்கு நேரே போகும் வயர் லைவ் கூட்டத்தோடும் முறுக்கியிருக்கும். இந்த இரண்டையும் இடம் மாற்றவேண்டும்.

நிறத்தை நம்பி மாற்றவேண்டாம். பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியவற்றில் மண்ணிறமும் நீலமும். ஆனால் 95 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து, கிடைத்த வயரில் அவசரமாகச் செய்த வீடுகளில் எந்த நிறமும் எங்கும் ஓடும். ஒவ்வொரு வயரையும் மீற்றரால் அறிந்து, சுவிச் வயருக்குச் சிவப்பு ரேப் சுற்றிவையுங்கள். அதே சுவிச் பலகையில் பிளக் பொயின்ற் ஒன்றும் இருந்தால் கவனம்: அதுவும் அந்த வயரிலேயே தொங்கினால், லைற் சரியாகும், பிளக் பிழையாகிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லா லைற்றும் இப்படித்தான். ஒவ்வொரு பெட்டியாக மாற்றவேண்டுமா? (அச்சுவேலி)

ஒரு பெட்டியும் திறக்கவேண்டாம், முதலில் பிளக் பொயின்றைப் பாருங்கள். ஏர்த் துளை மேலே இருக்க, எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கத் துளையில் ரெஸ்ரர் எரியவேண்டும். எல்லாப் பிளக்கிலும் இடப்பக்கம் எரிந்தால் லைவும் நியூட்ரலும் மெயினிலேயே மாறியிருக்கின்றன. ஜெனரேற்றர் மாற்றும் சுவிச் பொருத்தியபோதோ, மீற்றரிலிருந்து வரும் வயரைக் கழற்றிப் பூட்டியபோதோ இது நடக்கும். அப்படியானால் ஒற்றை பிரேக்கர்கள் எல்லாம் நியூட்ரலில் நிற்கின்றன. பிரேக்கரை இறக்கினாலும் வீட்டில் லைவ் இருக்கும். மீற்றருக்கு முன்னால் உள்ள பக்கத்தைத் தொடாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள், மெயினுக்குப் பின்னால் உள்ளதை அனுமதி பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு திருத்துங்கள்.